துணைக்குப் போனவள்

முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இதை வாசிக்கிற என் வயதுக்காரிகளுக்காகத்தான் எழுதுகிறேன். இளம் பிள்ளைகள் வாசித்தால் வாசிக்கட்டும். நான் மூன்றாம் வகுப்பில் ஒரு மாதம்கூட ஒழுங்காக இருந்தவள் இல்லை. எழுத்து மெதுவாகத்தான் வரும். பிழைகளைத் திருத்த என் மகள் இருக்கிறாள். எழுத்தைத் திருத்து, சொல்லில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

என் ராத்தாவின் மகள் ஒரு நாவல் எழுதினாள். தன் உம்மாவின் கதையை, அதாவது என் கூடப்பிறந்த அக்காவின் கதையை. கல்முனையில் ஒரு மண்டபத்தில் அதை வெளியிட்டார்கள். எனக்கு இரண்டாம் வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். பேசிய எல்லோரும் ராத்தாவைப் புகழ்ந்தார்கள். குடும்பம் முழுக்க எதிர்த்து நின்றும் படிப்பை விடாத பெண்ணாம், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு வழி திறந்தவளாம். பொய்யில்லை. ராத்தாவும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு புத்தகத்தை வாங்கிவந்து ஒன்றரை மாதம் வாசித்தேன். சுபஹ் தொழுதுவிட்டு இரண்டு பக்கம், விரலை வைத்து. முதல்முறையாக ஒரு முழுப் புத்தகம் வாசிக்கிறேன், அதுவும் எங்கள் வீட்டுக் கதை. நாவலில் அந்தப் பெண் தினமும் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு தனியே நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு ஒரு தங்கச்சியும் உண்டு. அவளைப் பற்றி ஒரே ஒரு வரி: தங்கைக்குப் படிப்பில் விருப்பம் இருக்கவில்லை.

அந்த வரியில் விரல் நின்றது. கோபம் வந்தது என்று சொன்னால் பொய். களைப்புத்தான் வந்தது. இத்தனை வருடம் ஊர் சொன்னது, இப்போது அச்சிலும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது, ராத்தாவுக்குப் பதினாலு. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்கிற பெண்பிள்ளை என்றால் ஊரின் மற்ற அந்தத்தில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். ராத்தா எட்டாம் வகுப்பை முடித்த கையோடு பெரியபிள்ளையானாள். அவளை உள்ளறையில் வைத்தார்கள். முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தும் கொடுத்தார்கள். தலைக்குத் தண்ணீர் வார்த்து, புதுச்சட்டை போட்டு, இனிக் கலியாணம் வரும்வரை வாசல் தாண்டத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக அது இருக்கவில்லை.

ராத்தா அழவில்லை, சோற்றை வெறுக்கவும் இல்லை. ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பழைய பள்ளிக்கூடத்திலிருந்து விடுகைப் பத்திரம் எடுக்கவேண்டும். அதைக் கொண்டுபோய்ப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு புதிய பள்ளிக்கூடத்தில் கொடுத்தால்தான் பெயர் பதிவார்கள். அந்தப் பத்திரத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கமாட்டார்கள். வாப்பா போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும்.

வாப்பாவுக்குத் தமிழ் எழுத வராது. குர்ஆன் ஓதியவர், தன் பெயரை அறபு எழுத்தில் போடுவார். உம்மாவும் அப்படித்தான், அறபு ஓதுவாள், தமிழ் தெரியாது. எங்கள் வீட்டுக்கு ஒரு கடதாசி வந்தால் வாசிக்கிற ஒரே ஆள் ராத்தா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் வாப்பா வயல் வட்டையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கியிருந்து வேளாண்மை பார்த்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத்தான் வீட்டுக்கு வருவார். ஒரு வெள்ளி பகல் சாப்பாட்டுக்கு உம்மாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா, எங்கள் பெரிய மாமாவும் வந்திருந்தார். பெண்பிள்ளைகளின் விஷயத்தில் பெரிய மாமா சொன்னால்தான் சொல். வாப்பா கறியைப் பிசைந்துகொண்டு மெதுவாகத் தொடங்கினார்.

"மச்சான், மூத்தவள் இன்னும் படிக்கணும் எண்டு கேக்காள்."

"எட்டாம் வகுப்புக் காணாதா? கடிதம் வாசிக்காள், அது போதும். படிச்ச பொண்ணுக்குப் படிச்ச மாப்பிள்ள வேணும். படிச்ச மாப்பிள்ளக்குக் கல்லால வீடு வேணும். ரெண்டு பொம்புளப் புள்ளைக்கும் ரெண்டு வீடு கட்டணும் நீங்க. அதையும் யோசிங்க."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அதனால் மாமா சொன்னது வாப்பாவின் நெஞ்சில் கல் மாதிரி விழுந்தது. அப்போது உள்ளறைச் சீலைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"மாமா, நான் ஒண்டு கேக்கட்டா?"

"ஆரது உள்ளுக்கு நிண்டு கதைக்கிற?"

"நான்தான் மாமா. நான் எப்பிடிப் போனா நீங்க ஓம் எண்டுவீங்க?"

மாமா சிரித்தார். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமில்லாத மனுசன். நடக்காத ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்திருப்பார்.

"தனியப் போகப்படா. ரத்த உறவு ஒராள் கூடப் போகணும், கூட வரணும். கடைத்தெருவால போகப்படா, ஒழுங்கைக்குள்ளாலதான். முகம் வெளியே தெரியப்படா. பள்ளிக்கூடக் கேற் திறக்கிறதுக்கு முன்னம் போய் அங்க நிக்கப்படா. இதில ஒண்டு பிசகினாலும் அண்டைக்கே முடிஞ்ச."

எங்களுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. உம்மாவுக்கு நெல் அவிக்கவும் பாய் இழைக்கவும் பகல் போதாது, அவளே வெளியில் இறங்குவதென்றால் இரண்டு நாள் யோசிப்பாள். அதெல்லாம் தெரிந்துதான் மாமா சொன்னார்.

"தங்கச்சி வருவாள் மாமா" என்றாள் ராத்தா.

நான் வாப்பாவுக்குப் பக்கத்தில் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவா துணை? இதுக்கே ஒரு துணை வேணுமே!"

"ரத்த உறவு எண்டுதானே சொன்னீங்க. வயசு சொல்லல்லயே மாமா."

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்து புரைக்கேறிவிட்டது. உம்மாவும் சிரித்தாள். மாமாவுக்கு வேறு வழியில்லை, அவரும் சிரித்தார். உம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப இவட பள்ளிக்கூடம்?"

"என்னக் கொண்டு விட்டுட்டு ஓடிப் போயிருவாள் உம்மா" என்றாள் ராத்தா.

எங்கள் வீட்டில் மணிக்கூடு இல்லை. பாங்கும் வெயிலும்தான் நேரம். இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நேரத்தில்தான் மணி அடிக்கும் என்பது பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. ராத்தாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்த சந்தோஷத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த கிழமை வாப்பா விடுகைப் பத்திரம் எடுத்துக்கொடுத்தார். ராத்தாவின் பெயர் புதிய பள்ளிக்கூடத்தில் பதிவானது.

ஜனவரி மாதம், மழை முழுதாக விடாத காலம். ஒழுங்கைகளில் கிடுகுவேலி ஓரமெல்லாம் தண்ணீர் நிற்கும். ராத்தா வெள்ளைத் தாவணியால் தலையைச் சுற்றிக்கொண்டு வாப்பாவின் பெரிய குடையைப் பதித்துப் பிடிப்பாள். முகம் மறைக்கத்தான் குடை, மழைக்கு அல்ல. அதனால் எந்தப் பக்கம் ஆண்கள் வருகிறார்களோ அந்தப் பக்கம் குடை சாயும். மழையோ வெயிலோ, நான் குடைக்கு வெளியே. முன்னால் நடந்து, மூலையில் எட்டிப் பார்த்து, "வாங்க, ஒருத்தரும் இல்ல" என்று சொல்வது என் வேலை. கரைவலை இழுத்துவிட்டு மீன் கூடையோடு யாராவது வந்தால் ராத்தா வேலிப்பக்கம் திரும்பி நிற்பாள். அவர்கள் போகும்வரை நானும் வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு முகம் மறைக்கத் தேவையில்லை, ஆனாலும் அப்படி நிற்பது பெரிய வேலை மாதிரி இருந்தது.

அவளைக் கேற்றில் விட்டுவிட்டுச் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடுவேன். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. நான் போய்ச் சேரும்போது வாத்தியார் இடாப்பில் பெயர் கூப்பிட்டு முடித்துக் கணக்கும் பாதி முடித்திருப்பார். வந்த பிள்ளைக்குச் சாய்கோடு, வராத பிள்ளைக்கு வட்டம். பிந்தி வந்தால் முதல் இரண்டு நாள் மன்னித்துக் கோடு போட்டார். மூன்றாம் நாள் கையில் ஒரு அடி. பிறகு வட்டம். பகல் பள்ளி விடும்போதும் அப்படித்தான். ராத்தாவைக் கூட்டிவரப் போகவேண்டுமென்று நான் எல்லோருக்கும் முதல் எழும்பி ஓடுவேன். ஒருநாள் வாத்தியார் இடாப்பைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே வரிசையாக வட்டம், மணி கோத்த மாதிரி.

"நீ பள்ளிக்கு வாறியா, இல்ல பள்ளியச் சுத்திப் பாக்க வாறியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

மாசி மாதத்தில் நான் ஓடுவதை நிறுத்திவிட்டேன். பெண்கள் பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்துவிடுவேன். அங்கே ஆறாம் வகுப்பிலிருந்துதான், எனக்கு இடமில்லை. அங்கேயிருந்த தலைமை டீச்சர் கிறிஸ்தவர், வெள்ளைச் சேலை கட்டுவார், அன்பான மனுசி. ஒருநாள் என் முன்னால் குனிந்து கேட்டார்.

"பள்ளிக்கூடம் போற வயசு வரேல்லையோ மகள்?"

நான் மெலிந்த பிள்ளை, ஆறு வயது மாதிரி இருப்பேன். "ஓம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "இல்லை, மூன்றாம் வகுப்பு" என்று சொல்லியிருந்தால் அவர் சும்மா விட்டிருக்கமாட்டார். அவரும் மேலே கேட்கவில்லை. அன்பாகக் கேட்கிறவர்கள் அன்பான பதில் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். அன்றிலிருந்து மணி அடிக்கிற வேலையை எனக்குத் தந்தார். விறாந்தையில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, அதற்கு ஒரு இரும்புக் கம்பி. ஒவ்வொரு பாடத்துக்கும் நான் மணி அடித்தேன். மற்றப் பிள்ளைகளின் பாடம் தொடங்கவும் முடியவும் என் கைதான். அந்தச் சத்தம் எலும்புவரைக்கும் போகும்.

எப்போதாவது ஒருநாள் என் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். அப்படிப் போன ஒருநாள் வாத்தியார் ஒரு கடதாசியை மடித்துக் கையில் தந்தார்.

"இத வாப்பாட கையில குடு. பள்ளித் தவண முடியிறதுக்குள்ள அவர் வந்து என்னக் காணணும். வராட்டி உன்ட பேர இடாப்பில வெட்டத்தான் வேணும். ஆசப்பட்டு வெட்டல்ல புள்ள. மேலயிருந்து வந்து இடாப்பப் பாப்பாங்க, நான் பதில் சொல்லணும்."

வாப்பா வட்டையில். உம்மா முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். கடதாசியைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்துவிட்டு ராத்தாவைக் கூப்பிட்டாள். ராத்தா வாங்கி விரித்தாள். கண் மேலிருந்து கீழே ஒருமுறை போனது. பிறகு வாசித்தாள்.

"பிள்ளை நல்ல பிள்ளை. அடக்கமாக இருக்கிறாள். கையெழுத்தை மட்டும் இன்னும் திருத்தவேண்டும்."

"மாஷா அல்லாஹ்" என்றாள் உம்மா. பிறகு எட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா? இவ்வளவு நீளமா இரிக்கி?"

"சலாமும் துஆவும் எழுதியிருக்காரும்மா."

"நல்ல மனுசன்" என்று சொல்லி உம்மா சுளகை எடுத்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கடதாசியில் என்ன இருக்கிறது என்று வாத்தியார் வாயால் சொல்லியிருந்தார். ராத்தாவுக்கு அது தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. எனக்கு எட்டு வயதுதான், ஆனால் எங்கள் வீடு எப்படி நடக்கிறது என்று தெரியும். வாப்பா வாத்தியாரைக் காணப் போனால் என்னை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பவேண்டிவரும். நான் பள்ளிக்குப் போனால் ராத்தாவுக்குத் துணையில்லை. துணையில்லாவிட்டால் மாமா சொன்னதுபோல அன்றைக்கே முடிந்தது. ராத்தா கடதாசியை எரிக்கவில்லை, தன் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

மறுநாள் ஒழுங்கையில் குடைக்குள்ளிருந்து கேட்டாள்.

"வாத்தியார் உனக்கிட்ட ஏதும் சொன்னாரா?"

"இல்ல ராத்தா."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் குடைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வேலி மூலைகளை எட்டிப் பார்க்க ஆளில்லை.

தவணை முடிந்தது. அறுவடையும் முடிந்து வாப்பா வீட்டோடு வந்துவிட்டார். விடுமுறைக்குப் பிறகு ஒருநாள் பின்னேரம் வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார்கள். பெரிய மாமாவும் இருந்தார். ராத்தா திரைக்குப் பின்னால்.

"சின்னவள்ற பேர வெட்டிட்டன்" என்று வாத்தியார் தொடங்கினார். "மனசுக்குச் சரியில்ல, அதுதான் வந்த. நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டாத் திரும்பச் சேர்க்கலாம். பழைய சேர்விலக்கம் கிடைக்காது, புது இலக்கம் தருவாங்க, அவ்வளவுதான். கெட்டிக்காரப் புள்ள."

வாப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பேர வெட்டினதா? எப்ப? ஏன்?"

"ஏன் எண்டு நான் அப்பவே கடிதம் குடுத்து விட்டன்தானே?"

"ஓம், ஓம், வந்திச்சு" என்று உம்மா குசினி வாசலில் நின்று சொன்னாள். "கையெழுத்துத் திருந்தணும் எண்டு எழுதியிருந்தீங்களே."

வாத்தியார் கோப்பையைக் கீழே வைத்தார். "கையெழுத்தா?"

திரைச் சீலையின் அடியில் ராத்தாவின் கால்விரல்கள் தெரிந்தன. அவை மண்ணில் குத்தி மடிந்திருந்தன. வாத்தியார் அடுத்த சொல்லைச் சொல்ல வாய் திறந்தார்.

"எனக்குப் படிக்க விருப்பமில்ல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். "நான்தான் போகல்ல. எனக்கு விருப்பமில்ல. அடிச்சாலும் போகமாட்டன்."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா வாத்தியார்! பொம்புளப் புள்ளைக்கே விருப்பமில்ல, நீங்க சைக்கிள மிரிச்சிக்கி வந்திருக்கீங்க!"

வாப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஒண்டு படிக்குதே, காணும். இவ உம்மாக்கு உதவியா இரிக்கட்டும்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, ஒரு பாரம் இறங்கினது மாதிரித்தான் இருந்தது. வாத்தியார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். அவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வாசலில் நின்று, "மனம் மாறினா வா புள்ள" என்று மட்டும் சொன்னார். அவரும் கெட்ட மனுசனில்லை. இந்தக் கதையில் கெட்ட மனுசர் ஒருவரும் இல்லை, அதுதான் என் களைப்பு.

அடுத்த நாளும் ராத்தாவுக்கு முன்னால் நடந்தேன். மூலையில் எட்டிப் பார்த்து, "வாங்க, ஒருத்தரும் இல்ல" என்றேன். அப்படியே அவள் ஓ.எல். என்கிற அரசாங்கச் சோதனை எழுதும்வரை போனேன், வந்தேன். அவள் பாஸானாள், படிப்பிக்கப் போனாள், கல்வீடும் வந்தது, படித்த மாப்பிள்ளையும் வந்தார். முதல் சம்பளம் எடுத்த அன்று ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கி வந்து, "வா, நான் சொல்லித் தாறன்" என்றாள். எனக்குப் பதினாலு வயது. "விருப்பமில்ல" என்றேன். இரண்டாம் முறை சொன்னபோது அது என் ரோஷம். அதற்கு ராத்தா பொறுப்பில்லை.

ஆனால் முதல் முறை சொன்னது வீட்டோடு நிற்கவில்லை. பெரிய மாமா அதை ஊர் முழுக்கக் கொண்டு திரிந்தார். படிக்கக் கேட்ட ஒவ்வொரு பிள்ளையின் வாப்பாவிடமும், "எங்கட சின்னவள் தானா வேணாம் எண்டாள், நாங்க ஆர் மறிக்க? பொம்புளப் புள்ளைகள்ற மனசு அது" என்பார். ராத்தாவைக் காட்டிச் சில பிள்ளைகள் படிக்கப் போனார்கள். என்னைக் காட்டிச் சில பிள்ளைகள் மறிக்கப்பட்டார்கள். உங்களில் சிலபேர் அந்தப் பிள்ளைகள். உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

நாவல் நன்றாக விற்றதாம், இரண்டாம் முறை அச்சடிக்கப் போகிறார்கள். போன மாதம் ராத்தாவின் மகள் தன் உம்மா வீட்டில் வைத்து என்னிடம் கேட்டாள். ராத்தாவும் அங்கே கட்டிலில் படுத்திருந்தாள்.

"சாச்சி, பிழை ஏதும் இருந்தாச் சொல்லுங்க. மாத்தலாம்."

"ஒரு வரிதான். தங்கச்சிக்கு விருப்பம் இருந்திச்சு எண்டு எழுது."

அவள் சிரித்தாள். "அப்பிடி எழுதினா, பின்ன ஏன் போகல்ல எண்டு வாசிக்கிறவங்க கேப்பாங்களே சாச்சி."

"கேக்கட்டும்" என்றேன்.

அவள் பேனையைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தவள் மெதுவாகக் கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தாள்.

"அத நான் சொல்றன்" என்றாள் மகளிடம். "எழுது. சாச்சிட வாத்தியார் ஒரு கடிதம் குடுத்து விட்ட."

நான் எழும்பிவிட்டேன். இத்தனை வருடம் காத்திருந்து, கேட்கிற நேரம் வந்தபோது கேட்க உடம்பில் தெம்பில்லை. பின்னால் ராத்தா சொல்லச் சொல்ல மகளின் பேனை நடக்கிற சத்தம் கேட்டது. நான் கிணற்றடிக்குப் போய் அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்தேன்.